புதுசா சேர்ந்தவருக்கு நீங்கள்தான் ‘பட்டி’யா? முதல் 30 நாளில் செய்ய வேண்டியதும் கூடாததும்

“திங்கட்கிழமை டீம்ல ஒருத்தர் ஜாயின் பண்றாங்க, நீங்கதான் அவங்களுக்கு பட்டி.” ஐடி நிறுவனங்களில் வேலை செய்யும் பலருக்கும் மேனேஜரிடமிருந்து இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆனால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. “எதுனாலும் கேளுங்க” என்று சொல்லிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிரச்சினை ஆரம்பிப்பதே அங்கேதான்.

பட்டி என்றால் யார்?

வேலையைக் கொடுத்து, அதை மதிப்பிடுபவர் மேனேஜர். பாடம் நடத்துபவர் டிரெய்னர். இந்த இருவரிடமும் கேட்கத் தயங்கும் சின்னச் சின்னக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கக்கூடிய சக ஊழியர்தான் பட்டி.

இதனால் பலன் உண்டா? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் புதிய ஊழியர்களுக்கு பட்டிகளை நியமித்துப் பார்த்த அனுபவம், 2019இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வெளியானது. முதல் 90 நாட்களில் ஒரே ஒரு முறையாவது பட்டியைச் சந்தித்தவர்களில் 56 சதவீதம் பேர், சீக்கிரம் வேலையில் பிடிபட அது உதவியது என்றார்கள். எட்டு முறைக்கு மேல் சந்தித்தவர்களிடம் அதுவே 97 சதவீதம். இவை ஊழியர்களே சொன்ன கருத்துகள்தான். ஆனாலும் ஒரு விஷயம் புரிகிறது. பட்டியின் பெயர் மெயிலில் இருந்தால் மட்டும் போதாது, அடிக்கடி சந்திக்க வேண்டும்.

முதல் வாரம்: ஆக்சஸ்தான் முதல் வேலை

புதியவரின் முதல் வாரம் பெரும்பாலும் வீணாவது ஆக்சஸ் இல்லாததால்தான். லேப்டாப் கைக்கு வந்திருக்கும், விபிஎன் வேலை செய்யாது. டிக்கெட் டூல் திறக்கும், டெஸ்ட் டேட்டாபேஸ் திறக்காது.

அவர் சேர்வதற்கு முந்தைய வாரமே ஒரு நாள், காலையிலிருந்து மாலை வரை நீங்கள் திறக்கும் ஒவ்வொரு டூலையும் குறித்து வையுங்கள். டீம் சாட் குரூப்கள், மெயில் லிஸ்ட், மீட்டிங் அழைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கே ரிக்வெஸ்ட் போட வேண்டும், யார் அப்ரூவ் பண்ண வேண்டும் என்று எதிரே எழுதுங்கள். புதியவருக்கு நீங்கள் தரும் முதல் உதவி இந்தப் பட்டியல்தான்.

இந்த வாரத்தில் கண்டிப்பாகச் செய்யக்கூடாத ஒன்று உண்டு. “ஆக்சஸ் வர்ற வரைக்கும் என் லாகின்ல பாருங்க” என்று பாஸ்வேர்டைக் கொடுப்பது. நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் அந்த லாகினில் அவர் எதை மாற்றினாலும், அழித்தாலும் பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும். பல நிறுவனங்களில் பாதுகாப்பு விதியை மீறியதாக இருவர் மீதும் நடவடிக்கை வரும். அதற்குப் பதில் உங்கள் ஸ்கிரீனை ஷேர் செய்து காட்டுங்கள், கீபோர்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது வாரம்: ‘டவுட் இருக்கா?’ என்று கேட்காதீர்கள்

ஒரு உதாரணம் பார்ப்போம். திருச்சியிலிருந்து வந்து சென்னை ஓஎம்ஆரில் ஒரு டெஸ்டிங் டீமில் சேர்ந்த பெண். எட்டாவது நாள் அவருக்கு ஒரு சின்ன டிக்கெட் தரப்படுகிறது. டெஸ்ட் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை. தான்தான் ஏதோ தப்பு செய்கிறோம் என்று நினைத்து இரண்டு நாள் செட்டிங்ஸை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். நடுவில் பட்டி வந்து, “டவுட் எதுவும் இருக்கா?” என்கிறார். “இல்லண்ணா, பாத்துட்டிருக்கேன்” என்று பதில் வருகிறது. பத்தாவது நாள்தான் தெரிகிறது, டேட்டாபேஸ் குரூப்பில் அவர் பெயரே சேர்க்கப்படவில்லை. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டிய விஷயம்.

தவறு அந்தப் பெண் மீது இல்லை. ‘டவுட் இருக்கா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதுதான் சுலபமான பதில். கேள்வியை இப்படி மாற்றிப் பாருங்கள்: “நேத்து எந்த இடத்துல நின்னீங்க? ஸ்கிரீன்ல காட்டுங்க.” ஸ்கிரீனைக் காட்டும்போது எரர் மெசேஜ் தானாகவே உங்கள் கண்ணில் படும்.

இதற்குத் தினமும் 15 நிமிடம், ஒரே நேரத்தில் ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு, மதியச் சாப்பாடு முடிந்து 2 மணிக்கு. “எப்ப வேணா பிங் பண்ணுங்க” என்றால் கூச்சப்படுபவர் பிங் பண்ணவே மாட்டார். கூடவே ஒரு ஒப்பந்தமும் வையுங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் 30 நிமிடம் தானே முயல வேண்டும். அதன் பிறகும் தீரவில்லை என்றால், என்னென்ன செய்து பார்த்தோம் என்று இரண்டு வரி எழுதி உடனே அனுப்ப வேண்டும். அவரும் யோசிக்கப் பழகுவார், இரண்டு நாளும் வீணாகாது.

பத்து நாளாகியும் ஒரு கேள்விகூட வரவில்லை என்றால், எல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்கப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மூன்றாவது வாரம்: கீபோர்டைப் பிடுங்காதீர்கள்

“தள்ளுங்க, நான் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன்.” பட்டிகள் அதிகம் செய்யும் தவறு இது. டிக்கெட் முடியும், ஆனால் அடுத்த டிக்கெட்டுக்கும் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.

முதல் முறை நீங்கள் செய்ய, அவர் பார்க்கட்டும். இரண்டாவது முறை அவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாவது முறை அவரே செய்து முடித்துவிட்டுக் காட்டட்டும். இரண்டாவது முறை உங்களுக்குப் பொறுமை சோதனைதான், வேலை இரு மடங்கு நேரம் எடுக்கும். ஆனால் அவர் கற்றுக்கொள்வது அப்போதுதான்.

மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் கேட்பார், “புதுப் பொண்ணு எப்படி? தேறுவாங்களா?” இங்கேதான் ஜாக்கிரதை. நீங்கள் மார்க் போட ஆரம்பித்தால், அந்தச் செய்தி எப்படியும் அவர் காதுக்குப் போகும். அன்றோடு உங்களிடம் கேள்விகள் நின்றுவிடும்.

தடைகளை மட்டும் சொல்லுங்கள்: “டேட்டாபேஸ் ஆக்சஸ் ரெண்டு நாளா வரல, நீங்க அப்ரூவ் பண்ணணும்.” அவருடைய திறமை பற்றிக் கேட்டால், “நீங்களே ஒரு தடவை பேசிப் பாருங்க” என்று விடுங்கள். இப்படித்தான் நடந்துகொள்வேன் என்று முதல் நாளே இருவரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. பாலியல் தொல்லை பற்றி அவர் உங்களிடம் சொன்னால், “அவர் அப்படித்தான், கண்டுக்காதீங்க” என்று நீங்களே பஞ்சாயத்து செய்யாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவை எப்படி அணுகுவது என்று சொல்லி, கூட நில்லுங்கள். அதே மாதிரி சம்பளம், பிஎஃப் கேள்விகளுக்கு யூகத்தில் பதில் சொல்லாமல் ஹெச்ஆரிடம் அனுப்புங்கள்.

நான்காவது வாரம்: மெல்ல விலகுங்கள்

தினசரி 15 நிமிடத்தை வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள். டீமில் இன்னும் மூன்று பேரிடம் நேரில் அழைத்துப் போய், “டேட்டாபேஸ்னா இவர், ரிலீஸ்னா இவங்க” என்று அறிமுகம் செய்யுங்கள். ஆனால் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்ற கதையைச் சொல்லி அனுப்ப வேண்டாம். அதை அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

30ஆம் நாள் உங்கள் வேலையை நீங்களே சோதிக்கலாம். ஒரு சின்ன டிக்கெட்டை அவர் தனியாக முடிக்கிறாரா? மாட்டிக்கொண்டால் உங்களைத் தவிர வேறொருவரிடமும் போய்க் கேட்கிறாரா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் உங்கள் பொறுப்பு முடிந்தது. ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், அந்த 2 மணி சந்திப்பை இன்னும் இரண்டு வாரம் நீட்டித்துக்கொள்ளுங்கள்.