மிச்சம் மதுரையிலா, திருச்சியிலா?

ஓர் அரிசி வியாபாரிக்கு மதுரையில் ஒரு கிடங்கு, திருச்சியில் ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் 100 மூட்டை, திருச்சியில் 80. திண்டுக்கல்லில் 90 மூட்டை கேட்கிறார்கள், தேனியில் 60. கைவசம் 180, கேட்பது 150.

மூட்டைக்கு லாரி வாடகை இப்படி: மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு 10 ரூபாய், தேனிக்கு 12. திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு 13, தேனிக்கு 20.

பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் வரும் போக்குவரத்து அட்டவணை, இருப்பும் தேவையும் சமமாக இருந்தால்தான் நகரும். அதனால் 30 மூட்டை கேட்கும் மூன்றாவது ஊர் ஒன்றைக் கற்பனையாகச் சேர்த்துக்கொள்கிறோம். இதுதான் போலிச் சேருமிடம். அங்கே எந்த லாரியும் போகாது. ஆகவே வாடகை பூஜ்யம்.

ஆரம்ப விடை காணும்போது இந்தப் பூஜ்யம் ஆளை ஏமாற்றும். மலிவான கட்டத்தை முதலில் நிரப்பப் போனால், கை நேரே போலி ஊருக்குத்தான் போகும். அதைக் கடைசியில் நிரப்புவதே நல்லது. அப்போதும் திண்டுக்கல்லுக்கு மதுரைதான் மலிவு என்று 90 மூட்டையையும் அங்கிருந்தே அனுப்பிவிட்டால், தேனிக்குத் திருச்சியிலிருந்து 50 மூட்டை போக வேண்டிவரும். மொத்தச் செலவு 2,020 ரூபாய். சரியான விடை வேறு. தேனிக்கான 60 மூட்டையும் மதுரையிலிருந்து போகட்டும். மதுரையில் மீதமுள்ள 40 திண்டுக்கல்லுக்கு, அங்கே குறையும் 50 திருச்சியிலிருந்து. செலவு 1,770.

அட்டவணையில் திருச்சிக்கு நேரே போலிப் பத்தியில் 30 என்று நிற்கும். அதை அனுப்பும் பட்டியலில் எழுதிவிடக் கூடாது. அந்த 30 மூட்டை திருச்சிக் கிடங்கைவிட்டு அசையவே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மிச்சத்தைத் திருச்சிக்குப் பதில் மதுரையில் வைத்தால், திண்டுக்கல்லுக்கு 10 ரூபாயில் போகும் மூட்டை 13 ரூபாயில் போகும். மூட்டைக்கு 3 ரூபாய் நஷ்டம். திருச்சியில் இன்னும் ஒரு மூட்டை கூடுதலாக வந்தால் செலவு ஒரு பைசா குறையாது. மதுரையில் வந்தால் 3 ரூபாய் குறையும். அடுத்த முறை சரக்கு எங்கே இறக்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

ஆனால் சும்மா கிடக்கும் அரிசிக்கும் செலவு உண்டு. கிடங்கு வாடகை, வண்டு மருந்து எல்லாம் சேர்த்துத் திருச்சியில் மூட்டைக்கு 5 ரூபாய், மதுரையில் 1 ரூபாய் என்றால், போலிப் பத்தியில் பூஜ்யத்துக்குப் பதில் இந்தத் தொகைகளை எழுத வேண்டும். வித்தியாசம் 4 ரூபாய். லாரியில் மிச்சமாகும் 3 ரூபாயைவிட அதிகம். பழைய திட்டத்தின் செலவு இப்போது 1,920. மிச்சத்தை மதுரைக்கு மாற்றினால் 1,890. இருப்பு வைக்கும் செலவு இரண்டு கிடங்கிலும் ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பூஜ்யத்தை விட்டுவையுங்கள்.