பந்து இல்லாத பக்கம் நிற்பவள்

14 வயதுக்குட்பட்டோருக்கான பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியில் எளிதாக ஜெயிக்க ஒரு வழி உண்டு. ஐந்து பிள்ளைகளையும் ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டத்தைச் சுற்றி, முன்னே இருவர் பின்னே மூவர் என்று நிறுத்திவிட்டு, "இங்கேயிருந்து நகராதே" என்று சொல்லிவிட்டால் போதும். அந்த வயதில் தூரத்திலிருந்து ரிங்கில் போடும் கைப்பலம் பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வேகமாகப் பந்தை எறியவும் முடியாது. உள்ளே நுழைய வழியில்லாமல் எதிரணி திணறும், கோப்பையும் வந்துவிடும்.

அதே பிள்ளைகள் 17 வயதுப் பிரிவுக்குப் போகும்போது சிக்கல் தொடங்குகிறது. எதிரே நிற்பவள் தூரத்திலிருந்தே போடுகிறாள். அவளைக் காக்க வெளியே வந்தால், ஒரே எட்டில் தாண்டிப் போய்விடுகிறாள். எதிராளியின் இடுப்பைப் பார்த்துக் காலை நகர்த்தும் பழக்கம் இவர்களுக்கு வந்திருக்காது, இத்தனை நாள் இடத்தைத்தானே காத்தார்கள்! ஜப்பான் கூடைப்பந்துச் சங்கம் சிறுவர் போட்டிகளில் ஜோன் தடுப்புக்குத் தடை கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான். ஆளுக்கு ஆள் காக்கிறார்களா என்று கவனிப்பதற்கென்றே ஒருவரை மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைத்து, மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி காட்டி எச்சரிக்கும் ஏற்பாடும் செய்தார்கள். நம் பள்ளிகளுக்குக் கொடியெல்லாம் தேவையில்லை, கற்றுத்தரும் வரிசையை மாற்றினாலே போதும். முதலில் மேன்-டு-மேன், அதற்குப் பிறகு ஜோன். இரண்டையும் விளக்கிப் பேசிக் கற்றுக்கொடுப்பதைவிட, ஆள் குறைந்த சின்ன ஆட்டங்களில் இறக்கிவிடுவது நல்லது. ஐவர் ஆட்டத்தில் ஒருத்தி சும்மா நின்றாலும் தெரியாது. மூவர் ஆட்டத்தில் அவளால்தான் கூடை விழுந்தது என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

முதல் ஆட்டம், மூவருக்கு மூவர், அரை மைதானத்தில். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, பாஸ் மட்டும்தான். இந்த ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிவிடும். தட்டி ஓட முடியாது என்றால், தாக்கும் அணி பந்தில்லாமல் ஓடி ஓடித்தான் இடம் பிடிக்க வேண்டும். ஆகவே தடுப்பவளும் பந்தில்லாத ஆளைக் காக்கப் பழகியாக வேண்டும். கூடை போட்டால் புள்ளி கிடையாது, தடுத்துப் பந்தைக் கைப்பற்றினால்தான் 1 புள்ளி. கூடை வாங்கிய அணி வெளியே போக, போட்ட அணி தடுக்க வரும். இப்படி வைத்தால், தடுக்கும் இடத்துக்கு வருவதற்கே பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

இதில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான். பந்து போகும் பக்கமே தலை திரும்பும். அந்த நொடியில் அவள் காக்க வேண்டிய ஆள் முதுகுக்குப் பின்னால் புகுந்து ரிங்குக்கு ஓடிவிடுவாள். "ஆளைப் பார், ஆளைப் பார்" என்று கத்துவதால் பலனில்லை. அப்புறம் ஆளை மட்டும் பார்த்து, பந்தை விட்டுவிடுவார்கள். அதைவிட நல்ல சோதனை இது: திடீரென்று கைதட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள். தடுப்பவர்கள் மூவரும் கண்ணை மூடி, ஒரு கையால் பந்தையும் மறு கையால் தன் ஆளையும் சுட்டிக்காட்ட வேண்டும். கை தப்பாக நீண்டால் எதைக் கவனிக்கவில்லை என்று அவளுக்கே புரிந்துவிடும்.

அடுத்தது நால்வருக்கு நால்வர். மேன்-டு-மேன் தடுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். தாக்குபவர்களில் இருவர் மேலே இடது வலதாக, இருவர் இரண்டு மூலைகளில். பந்து வலது மூலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே தடுப்பவள் ஒரு கை தூரத்தில் நெருங்கி நிற்பாள். வலது மேலே உள்ளவளைக் காப்பவள், தன் ஆளிடமிருந்து ஓரடி பந்துப் பக்கம் தள்ளி, பாஸ் போகும் வழியில் கையை நீட்டியிருப்பாள். இடது மேலே காப்பவள் ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவுக்கே வந்துவிடுவாள். இடது மூலைக்காரியைக் காப்பவள் தன் ஆளை அங்கேயே விட்டுவிட்டு, கட்டத்துக்குள், ரிங்குக்கு நேர் எதிரே நிற்பாள்.

பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத் தோன்றும். "சார், என் ஆள் அங்கே தனியா நிக்கிறா!" என்பார்கள். இப்போது வலது மூலைக்காரி பின்கோட்டை ஒட்டித் தட்டிக்கொண்டு பாயட்டும். அவளைக் காப்பவள் தோற்றுவிட்டாலும், கட்டத்துக்குள் காத்திருப்பவள் இரண்டே எட்டில் வந்து கட்டத்தின் விளிம்பிலேயே வழிமறிப்பாள். அவள் விட்ட இடத்துக்கு ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றவள் இறங்கி வருவாள். இடது மூலைக்குப் பந்தை எறிந்தாலும் அது நீண்ட பாஸ். பந்து காற்றில் இருக்கும் நேரத்திலேயே ஒருத்தி அங்கே ஓடிவிடலாம். பந்து கைக்கு வந்த பிறகு கிளம்பினால் தாமதம்தான். இந்த ஆட்டத்துக்கு என் விதி: யாரும் வழிமறிக்காமல் ரிங்குக்கடியில் போட்ட கூடைக்கு 3 புள்ளி, மற்ற எதற்கும் 1. உதவிக்கு வராமல் போனதன் விலையைப் பலகையே சொல்லிவிடும்.

பயிற்சியாளர் எங்கே நிற்கிறார் என்பதும் முக்கியம். மைதான நடுவில் நின்றால் அவர் கண்ணும் பந்தோடு போய்விடும். ரிங்குக்குப் பின்னால் நின்று, பந்துக்கு ரொம்பத் தூரத்தில் உள்ள தடுப்பாளியின் கால்களை மட்டும் பார்த்தால் போதும். பந்து கைமாறும்போதெல்லாம் அந்தக் கால்களும் நகர்ந்தால் தடுப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இதைப் பழகியவர்களுக்கு ஜோன் புதுப்பாடம் அல்ல. கட்டத்துக்குள் நின்று உதவிக்குக் காத்திருந்தவள் ஏற்கெனவே பாதி ஜோன் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். மிச்சத்தைச் சொல்லித்தர, தாக்குபவர் மூவர், தடுப்பவர் இருவர் என்று ஓர் ஆட்டம். மறுபடி பாஸ் மட்டும். 10 நொடிக்குள் போட வேண்டும். தடுக்கும் இருவர் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். மேலே பந்து வைத்திருப்பவளை முன்னால் இருப்பவள் எதிர்கொள்வாள். பக்கவாட்டில் பாஸ் போனதும், பின்னால் இருந்தவள் பந்தை நோக்கி வெளியே ஓட, முன்னால் இருந்தவள் ரிங்குக்கடியில் இறங்குவாள். தொடக்கத்தில் இருவரும் பந்துக்கே ஓடுவார்கள், அல்லது இருவரும் போகாமல் நிற்பார்கள். போகிறவள் "பந்து" என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்ற விதி வைத்தால் இது அடங்கும். ஜோன் என்றால் வாயைத் திறந்து ஆடுவது. பேசாத அணிக்கு அது பயன்படாது.

பிறகு நால்வருக்கு எதிராக மூவர். அந்த மூவர்தான் முழு ஜோனின் பின்வரிசை. இதற்குப் பிறகே முன்னே இருவரைச் சேர்த்து ஐவர் ஆட்டம். அங்கே முதலில் கவனிக்க வேண்டியது ஃப்ரீ த்ரோ கோட்டின் நடு. முன்வரிசை இருவருக்கும் இடையில் அங்கே ஒருத்தி பந்து வாங்கிவிட்டால் பின்வரிசை முழுக்கக் குலைந்துபோகும். இன்னொன்று ரீபவுண்ட். மேன்-டு-மேனில் யாரை முதுகால் தள்ளி மறிப்பது என்பது அவரவருக்குத் தெரியும். ஜோனில் ஷாட் கிளம்பியதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்து நிற்பார்கள். பக்கத்தில் உள்ள யாரையாவது முதுகால் தொட்டுவிட்டுத்தான் பந்துக்கு எகிற வேண்டும் என்று, கூடை போடும் பயிற்சியின்போதே பழக்கிவிட வேண்டும்.

பள்ளி ஆட்டத்தில் ஜோனை நான் எடுப்பது பெரும்பாலும் ஒரே நிலைமையில்: நம் நல்ல ஆட்டக்காரி 4 ஃபவுல் வாங்கியிருக்கிறாள், 5 ஆனால் வெளியே. அவளைப் பின்வரிசை நடுவில் நிறுத்தினால் வெளியே ஓடி வழிமறிக்கும் வேலை குறையும், ஃபவுலும் குறையும். ஆனால் மூலையிலிருந்து எதிரணி அடுத்தடுத்து இரண்டு கூடை போட்டுவிட்டால், டைம் அவுட் கேட்டு ஆளுக்கு ஆள் திரும்பிவிடுவேன்.