கரியின் உருவமும் இரும்பின் குணமும்

டிராக்டர் ஒன்றின் பிரேக் மிதி உடைந்துவிட்டதாகக் கொள்க. உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து, அதையே மாதிரியாகக் கொண்டு மணலில் அச்செடுத்து, அருகிலுள்ள வார்ப்படசாலையில் புதிய மிதி ஒன்றை எளிதில் வார்த்துவிடலாம். அளவும் எடையும் ஏறத்தாழப் பழையதைப் போன்றே இருக்கும். ஆயினும் அது சாம்பல் வார்ப்பிரும்பினால் ஆனதாயின், ஓட்டுபவர் ஆபத்தில் ஓங்கி மிதிக்கும் அந்தக் கணத்திலேயே முறிந்துவிடக்கூடும். பழைய மிதியும் வார்ப்பிரும்பே, புதியதும் வார்ப்பிரும்பே. வேறுபாடு எங்கே உள்ளது?

வார்ப்பிரும்பில் பொதுவாக நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு பங்கு வரை கரி உண்டு. இக்கரியின் பெரும்பகுதி கிராபைட்டாகப் பிரிந்து உலோகத்தினுள் தங்கிவிடுகிறது. கிராபைட்டுக்குத் தனக்கென வலிமை இல்லை எனலாம். ஆகவே அது எவ்வளவு உள்ளது என்பதைவிட, எந்த உருவில் உள்ளது என்பதே முக்கியமாகும்.

சாம்பல் வார்ப்பிரும்பில் கிராபைட் மெல்லிய செதில்களாகப் பரவியுள்ளது. ஒவ்வொரு செதிலும் உலோகத்தினுள் அமைந்த ஒரு வெடிப்பைப் போன்றது. இழுக்கும்போது செதில்களின் கூரிய முனைகளில் விசை குவிந்து, முறிவு ஒரு செதிலினின்று மற்றொன்றுக்குத் தாவிச் செல்கிறது. ஆயினும் அச்செதில்களே அதிர்வையும் அடக்குகின்றன. வெட்டுளி எளிதில் வெட்டவும் துணைபுரிகின்றன. அழுத்தும் விசையை இவ்விரும்பு இழுவிசையைப்போல் மூன்று நான்கு மடங்கு தாங்கும். கடைசல் இயந்திரத்தின் படுகை, எஞ்சின் பிளாக், பம்பின் கூடு ஆகியவற்றிற்கு இதுவே உகந்தது.

தகடாகும் வார்ப்பிரும்பைப் பட்டறைகளில் மாலியபிள் என்பர். இது முதலில் கிராபைட்டே இல்லாத, கண்ணாடிபோல் நொறுங்கும் வெண் வார்ப்பிரும்பாக வார்க்கப்படுகிறது. பின்னர் உலையில் ஏறத்தாழ 900 முதல் 950 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிடுவர். அப்போது கரி சிறு சிறு திரளைகளாக ஒன்றுசேர்கிறது. கூரிய முனைகள் இன்மையால் உலோகம் வளைந்துகொடுக்கிறது. குழாய்களின் எல்போ, டீ முதலிய மெல்லிய உறுப்புகள் இதனால் ஆனவை. தடித்த உறுப்புகளுக்கு இது பொருந்தாது. தடித்த வார்ப்பு மெல்லக் குளிர்வதால் அச்சிலேயே செதில்கள் தோன்றிவிடும்; அவற்றைப் பின்னர் எவ்வளவு சூடேற்றினாலும் திரளைகளாக்க இயலாது.

இக்குறையைத் தீர்த்தது 1940-களில் கண்டறியப்பட்ட டக்டைல் வார்ப்பிரும்பு. கந்தகம் குறைந்த உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்த்து, உறைந்த உலோகத்தில் அது நூற்றுக்கு 0.04 பங்கு அளவில் எஞ்சுமாறு செய்தால், கிராபைட் உருண்டைகளாகவே உருவாகிறது. நீண்ட நேரம் உலையில் பதப்படுத்த வேண்டியதில்லை. தடித்த உறுப்புகளையும் வார்க்கலாம். கிராங்க்ஷாப்ட், பற்சக்கரம், குடிநீர்க் குழாய் முதலியன இதனால் செய்யப்படுகின்றன.

இரண்டு சோதனைக் கம்பிகளால் இவ்வேறுபாட்டை அளந்தறியலாம். இரண்டும் 20 மில்லிமீட்டர் விட்டமுடையவை. குறுக்குப் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் தாங்கும் சாம்பல் இரும்புக் கம்பி ஏறத்தாழ 63,000 நியூட்டன் விசையில் முறியும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. 400 நியூட்டன் தாங்கும் டக்டைல் கம்பியோ அதைப்போல் இருமடங்கு விசையைத் தாங்குவதுடன், முறியுமுன் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீளும். மிதிக்கு வேண்டிய குணம் இந்நீட்சியே. டக்டைல் மிதி மிகைச்சுமையில் வளைந்து எச்சரிக்கும். சாம்பல் இரும்பு மிதி எச்சரிக்காமலே முறியும்.

டக்டைல் வார்ப்பிலும் ஒரு தவறு நேர்வதுண்டு. உருகிய இரும்பினின்று மக்னீசியம் தொடர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். மக்னீசியம் சேர்த்தபின் வார்ப்பதற்குத் தாமதமானால், கிராபைட் மீண்டும் செதிலுருவை நாடும். வெளித்தோற்றத்தில் இதனைக் காண முடியாது. எனவே லேடிலில் எஞ்சிய கடைசி இரும்பைக் கொண்டு ஒரு சிறு துண்டு வார்த்து உடைத்துப் பார்ப்பர். முறிந்த முகம் வெள்ளிபோல் வெளிறியிருப்பின் நன்று; கருஞ்சாம்பலாக இருப்பின் அத்தொகுதியை ஐயுற வேண்டும். ஒரே உருவுள்ள இரு வார்ப்புகளைத் தொங்கவிட்டுத் தட்டினால், டக்டைல் மணிபோல் ஒலிக்கும். சாம்பல் இரும்பின் ஒலி உடனே அடங்கிவிடும்.

உடைந்த மிதியின் முகத்தையும் இவ்வாறே முதலில் நோக்குதல் வேண்டும். நடுவில் கருத்து, ஓரத்தில் வெளிறிய விளிம்பு தென்பட்டால் அது பெரும்பாலும் மாலியபிள் ஆகும். அதற்கு ஈடாக மாலியபிளையோ டக்டைலையோ கேட்டுப் பெறலாம். சாம்பல் இரும்பு ஈடாகாது.