ஓக் மரம் காபியான கதை

1991இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் ஒரு புதிய நிரல்மொழியை எழுதத் தொடங்கினார். அவருடைய அலுவலகத்துக்கு வெளியே ஓர் ஓக் மரம் நின்றது. மொழிக்கும் ‘ஓக்’ என்றே பெயர் வைத்தார்.

வெளியிடும் நேரத்தில்தான் சிக்கல் வந்தது. ஓக் டெக்னாலஜி என்ற கம்பெனி அந்தப் பெயரை ஏற்கெனவே வணிகச் சின்னமாகப் பதிந்திருந்தது. 1995 தொடக்கத்தில் குழுவினர் கூடி உட்கார்ந்து பெயர்களை அடுக்கினார்கள். கடைசியில் நின்றது ‘ஜாவா’. இந்தோனேசியத் தீவின் பெயர். அங்கு விளையும் காபிக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயரும் அதுதான். ஆவி பறக்கும் கோப்பை அதன் சின்னமானது.

மென்பொருள்காரர்கள் இப்படிச் சம்பந்தமில்லாத பெயர்களைத் தேடுவதற்கு விளையாட்டுப் புத்தி மட்டும் காரணமல்ல. வேலையை அப்படியே விவரிக்கும் பெயரைச் சட்டப்படி தனதாக்கிக்கொள்வது கடினம். தொடர்பே இல்லாத சொல்லென்றால் உரிமை கோருவது எளிது.

ஆனால் பிரபலமான பெயரைக் கடன் வாங்கினால் குழப்பமும் கூடவே வரும். அதே 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் இணைய உலாவிக்காக ஒரு மொழி எழுதினார். முதலில் அது ‘மோக்கா’, பிறகு ‘லைவ்ஸ்கிரிப்ட்’. ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்து, சன் நிறுவனத்தோடு பேசி டிசம்பரில் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்று மாற்றினார்கள். எழுத்து நடையில் சில ஒற்றுமைகள் உண்டு. மற்றபடி இரண்டும் வேறு வேறு மொழிகள். ஒன்றைப் படித்தால் மற்றது வந்துவிடும் என்று நம்பிப் புத்தகம் வாங்கும் மாணவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

வணிகச் சின்னம் சன் நிறுவனத்திடம் இருந்ததால், 1997இல் வெளிவந்த தர ஆவணத்தில் அந்தப் பெயரைப் போட முடியவில்லை. ‘எக்மாஸ்கிரிப்ட்’ என்று போட்டார்கள். அந்த மொழியில் எழுதுகிறவர்கள் இன்றும் ஜாவாஸ்கிரிப்ட் என்றே சொல்கிறார்கள்.