போனில் டிகிரி, வரைபடத்தில் மீட்டர்: தாம்பரத்துக்கு ஒரு எக்செல் கணக்கு

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழைநீர் வடிகால் வாய்களைக் குறித்துவர நாலு பேர் கொண்ட குழு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்த பகுதி. எந்த வாய் எங்கே இருக்கிறது என்பதில் 50 மீட்டர் தவறினாலும் அடுத்த தெருவைத் தோண்டிவிடுவார்கள். குழுவினர் போனில் எடுத்துவருவது அட்சரேகை, தீர்க்கரேகை, அதாவது டிகிரி. ஆபீஸில் இன்ஜினீயர் வைத்திருக்கும் கேட் வரைபடமோ யுடிஎம் மீட்டரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு எக்செல் ஷீட் போதும். கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலா ஓடும்.

முதலில் யுடிஎம் என்றால் என்ன? உலகத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி 6 டிகிரி அகலமுள்ள 60 பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தட்டையாக விரித்து, மீட்டரில் அளக்கிறார்கள். நாம் இருப்பது 44-வது பட்டை. 78 டிகிரியில் தொடங்கி 84-ல் முடிகிறது. அதன் நடுக்கோடு 81 டிகிரி. நம் அட்சரேகையில் அது வங்கக் கடலில் ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு 5,00,000 மீட்டர் என்று பெயர் சூட்டிவிட்டார்கள், மேற்கே போனாலும் மைனஸ் வரக்கூடாது என்பதற்காக. தாம்பரம் மேற்கே இருப்பதால் நம் கிழக்கு எண் 5 லட்சத்துக்குள் இருக்கும். வடக்கு எண் பூமத்திய ரேகையிலிருந்து எண்ணப்படுகிறது.

இணையத்தில் கிடைக்கும் பொதுவான ஃபார்முலாக்கள் முழ நீளம் இருக்கும். உலகம் முழுக்க எந்தப் பட்டைக்கும் பொருந்தவேண்டும் என்று எழுதியவை அவை. தாம்பரத்துக்கு 81-ஐ நேரடியாகப் போட்டுவிட்டு, மில்லிமீட்டருக்கும் கீழே போகும் கடைசி உறுப்புகளை விட்டுவிடலாம். போன் ஜிபிஎஸ்ஸே திறந்த வெளியில் சில மீட்டர் தள்ளித்தானே காட்டுகிறது!

A-ல் புள்ளியின் பெயர், B-ல் அட்சரேகை, C-ல் தீர்க்கரேகை. D2 முதல் I2 வரை வரிசையாக இவை:

```
D2: =RADIANS(B2)
E2: =RADIANS(C2-81)*COS(D2)
F2: =6378137/SQRT(1-0.00669438*SIN(D2)^2)
G2: =111132.9525*B2-16038.5087*SIN(2*D2)
     +16.8326*SIN(4*D2)-0.022*SIN(6*D2)
H2: =500000+0.9996*F2*(E2+(1-TAN(D2)^2
     +0.0067395*COS(D2)^2)*E2^3/6)
I2: =0.9996*(G2+F2*TAN(D2)*(E2^2/2+(5-TAN(D2)^2
     +0.06066*COS(D2)^2)*E2^4/24))
```

இடம் போதாமல் இங்கே மடக்கியிருக்கிறோம். செல்லில் ஒரே வரியாக ஒட்டுங்கள். F என்பது அந்த இடத்தில் பூமியின் வளைவு ஆரம். G என்பது பூமத்திய ரேகையிலிருந்து நேர் வடக்கே உள்ள தூரம். H கிழக்கு எண், I வடக்கு எண். அவ்வளவுதான்.

தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு புள்ளியை எடுப்போம்: 12.925, 80.118. H2-ல் 404322.66, I2-ல் 1429006.51 என்று வரவேண்டும். வந்தால் ஷீட் சரி. வராவிட்டால் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு அடைப்புக்குறி விடுபட்டிருக்கும், அல்லது B2-ல் டிகிரி குறியையும் சேர்த்து டைப் பண்ணியிருப்பீர்கள். அப்போது எக்செல் அதை எண்ணாகவே பார்க்காது.

ஃபார்முலா சரியாக இருந்தும் தப்பான இடம் வருவதுதான் நிஜத் தலைவலி. அதில் மோசமானது நிமிடம், விநாடி குழப்பம். அதே ரயில் நிலையப் புள்ளியைச் சில ஆப்கள் 12° 55′ 30″ என்று காட்டும். அவசரத்தில் ஒருவர் அதை 12.5530 என்று ஷீட்டில் போட்டுவிடுகிறார். பார்வைக்கு நல்ல எண்தான், எக்செல்லும் முனகாது. ஆனால் புள்ளி சுமார் 41 கிலோமீட்டர் தெற்கே, திருக்கழுக்குன்றத்தையும் தாண்டிப் போய் விழும். சரியான வழி `=12+55/60+30/3600`. எல்லார் போனிலும் ஆப் செட்டிங்கைக் கிளம்பும் முன்பே தசம டிகிரிக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கமாவது இருக்கட்டும். ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்.

இரண்டாவது, பட்டை. கோவை 43-ல் இருக்கிறது, சென்னை 44-ல். கோவை வேலைக்குத் தயாரித்த ஷீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அதில் 81-க்குப் பதில் 75 இருக்கும். கிழக்கு எண் பத்து லட்சத்தைத் தாண்டும். அது கண்ணில் பட்டுவிடும். மறுபக்கம்தான் ஆபத்து: சரியான 44 எண்களை மேப் மென்பொருளில் ஏற்றும்போது யாராவது 43 என்று தேர்ந்தெடுத்தால், நம் வடிகால் மங்களூருக்கு மேற்கே அரபிக் கடலில் மிதக்கும். கேட்கும் இடத்தில் `EPSG:32644` என்று கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

ஷீட்டுக்குள் நடக்கும் தவறுகளைப் பிடிக்க ஒரு காவல்காரரை அங்கேயே நிறுத்தலாம். முடிச்சூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை எங்கே நின்றாலும் கிழக்கு எண் 3,98,000-க்கும் 4,20,000-க்கும் இடையில்தான் இருக்கும். வண்டலூர் முதல் பரங்கிமலை வரை வடக்கு எண் 14,20,000-க்கும் 14,40,000-க்கும் இடையில். J-ல் இதைப் போடுங்கள்:

```
=IF(AND(H2>398000,H2<420000,I2>1420000,I2<1440000),"OK","CHECK")
```

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போனாலும் இது பிடித்துவிடும். அந்தக் கணக்கில் வடக்கு எண் 90 லட்சத்தைத் தாண்டும்.

தலைகீழ் வேலையும் வரும். இன்ஜினீயர் 405000, 1430000 என்ற புள்ளியைக் கொடுத்து "இங்கே போய்ப் பாருங்க" என்கிறார். போனில் போட டிகிரி வேண்டும். இதற்குத் தனி ஃபார்முலா உண்டு, நீளமானது. அதே ஷீட்டை வைத்தே சமாளிக்கலாம். தெரிந்த புள்ளியிலிருந்து வித்தியாசத்தைப் பாருங்கள்: வடக்கே 993.49 மீட்டர், கிழக்கே 677.34 மீட்டர். தாம்பரம் வட்டாரத்தில் இந்த வரைபடத்தில் ஒரு டிகிரி அட்சரேகை 1,10,600 மீட்டர், தீர்க்கரேகை 1,08,500 மீட்டர். வகுத்துக் கூட்டினால் 12.93398, 80.12424. இதை B, C-ல் போட்டுப் பார்த்தால் மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நிற்கும். யுடிஎம்மின் வடக்கும் நிஜ வடக்கும் இங்கே லேசாகச் சாய்ந்திருப்பதுதான் காரணம். மிச்ச வித்தியாசத்தை இன்னொரு முறை வகுத்துக் கூட்டினால் புள்ளி உட்கார்ந்துவிடும்.

டேப் பிடித்து அளப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஷீட்டில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 1 கிலோமீட்டர் என்று வந்தால் தரையில் அது சுமார் 29 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். விரிக்கும்போது வந்த சுருக்கம். உங்கள் டேப் மேல் தப்பில்லை.

காவல்காரர் பிடிக்காத இன்னொரு பெரிய தவறு பழைய வரைபடம். 1802-ல் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். அப்படித் தொடங்கிய சர்வே பின்னாளில் எவரெஸ்ட் என்ற பூமி வடிவத்தை வைத்து வரைபடங்களைப் போட்டது. நம் போன் பயன்படுத்துவதோ டபிள்யூஜிஎஸ் 84. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள் இதில்தான் இருக்கின்றன. பழைய தாளில் படித்த டிகிரியை இந்த ஷீட்டில் போட்டால் J-ல் "OK" என்றே வரும், புள்ளி மட்டும் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அதனால் வரைபடத்திலும் தரையிலும் தெளிவாகத் தெரியும் ஒரு பால முனையிலோ சாலைச் சந்திப்பிலோ தினமும் முதல் புள்ளியை எடுங்கள். வரைபடத்தில் அது சொந்த இடத்தில் விழுந்தால், அன்றைய மற்ற புள்ளிகளை ஏற்றலாம்.