ஆறு கம்பி எங்கே போனது?

வீடு கட்டும் இடத்தில் அஸ்திவார வேலை முடிந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் துண்டுக் கம்பிகள் கிடக்கும். முழங்கை நீளத் துண்டுகள் என்றால் கவலையில்லை. ஒன்பது அடித் துண்டுகள், ஒரே அளவில், இருபது முப்பது கிடந்தால் அது தற்செயலாக விழுந்த கழிவு அல்ல. கம்பி வெட்டும்போது யாரும் தாளில் கணக்குப் போடவில்லை என்பதற்கான சாட்சி அது.

அந்தத் தாளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பார் பெண்டிங் ஷெட்யூல்’. சுருக்கமாக பி.பி.எஸ். எந்த இடத்துக்கு எத்தனை மி.மீ கம்பி, என்ன வடிவம், எத்தனை எண்ணிக்கை, வளைப்பதற்கு முன் வெட்ட வேண்டிய நீளம் எவ்வளவு, மொத்த நீளம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று வரிசையாக எழுதிய பட்டியல். பெரும்பாலான சின்ன வீடுகளில் இந்தப் பட்டியல் பாதியில் நின்றுவிடுகிறது. எவ்வளவு கம்பி தேவை என்று எழுதுவார்கள். கடையிலிருந்து வரும் 12 மீட்டர் கம்பியை எந்த வரிசையில் வெட்டுவது என்று எழுத மாட்டார்கள். சேதாரம் பிறப்பது அந்த எழுதாத பாதியில்தான்.

ஒரு சின்ன வீட்டின் அஸ்திவாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்பது தூண்கள். ஒவ்வொன்றும் 9 அங்குலத்துக்கு 12 அங்குலம். ஒவ்வொரு தூணிலும் 12 மி.மீ கம்பி ஆறு. தூணுக்குக் கீழே 1.2 மீட்டர் சதுர ஃபுட்டிங். அதன் அடியில் விரிக்கும் மேட்டுக்கும் அதே 12 மி.மீ கம்பிதான், நீளவாக்கில் எட்டு, குறுக்குவாக்கில் எட்டு.

முதலில் தூண் கம்பியின் நீளம். மேட்டின் மேல் உட்காரும் எல் வளைவுக்கு 30 செ.மீ. அங்கிருந்து தரை மட்டம் வரை 1.73 மீட்டர் (பள்ளம் 1.8 மீட்டர், அடிக் கவரிங்கும் மேட்டின் கனமும் போக மிச்சம்). தரையிலிருந்து வீட்டுத் தளம் வரை 60 செ.மீ. தளத்துக்கு மேல் 2 மீட்டர். இந்த 2 மீட்டரில் கடைசி 60 செ.மீ, அடுத்த கம்பியோடு சேர்த்துக் கட்டும் லேப்புக்காக. அந்த இணைப்பு தூணின் நடு உயரத்தில் வர வேண்டும் என்பதால்தான் கம்பி அவ்வளவு மேலே போகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 4.63 மீட்டர்.

இங்கே ஒரு சிறு கழித்தல் உண்டு. கம்பியை வளைக்கும்போது அது மூலை வரை போய்த் திரும்புவதில்லை, உள்பக்கமாக வளைந்து கொஞ்சம் குறுக்குவழியில் போகிறது. அதனால் நேர்மூலை வளைவு ஒவ்வொன்றுக்கும் கம்பியின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கைக் கழிப்பது வழக்கம். 12 மி.மீ கம்பிக்கு 24 மி.மீ. கழித்தால் தூண் கம்பி 4.6 மீட்டர். ஃபுட்டிங் கம்பிக்கும் இதே கணக்கு: இருபுறமும் 5 செ.மீ கவரிங் போக 1.1 மீட்டர், இரு முனையிலும் மேல்நோக்கி 17.5 செ.மீ கொக்கி, இரண்டு வளைவுக்கான கழிவு போக 1.4 மீட்டர்.

இனி கூட்டல். தூண் கம்பி 54, தலா 4.6 மீட்டர்: 248.4 மீட்டர். ஃபுட்டிங் கம்பி 144, தலா 1.4 மீட்டர்: 201.6 மீட்டர். ஆக 450 மீட்டர்.

எடைக்கு எல்லோரும் பயன்படுத்தும் வாய்பாடு ஒன்று இருக்கிறது. விட்டத்தை மி.மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். இரும்பின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதிலிருந்து வந்த எண் அது. 12 மி.மீ கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889 கிலோ. 450 மீட்டருக்கு 400 கிலோ. பெரும்பாலான பட்டியல்கள் இந்த வரியோடு முடிந்துவிடுகின்றன. ‘சேதாரம் 5 சதவீதம்’ என்று ஒரு வரி சேர்த்து, 420 கிலோவுக்கு ஆர்டர் போய்விடும்.

இப்போது களத்தில் நடப்பதைப் பாருங்கள். கம்பி வேலைக்காரர் முதலில் மேட் கட்டுகிறார், ஏனென்றால் பள்ளத்தில் முதலில் இறங்குவது அதுதான். 12 மீட்டர் கம்பி ஒன்றில் 1.4 மீட்டர் துண்டு எட்டுக் கிடைக்கும், 80 செ.மீ மிஞ்சும். 144 துண்டுக்கு 18 கம்பி தீர்ந்தது. அடுத்து தூண். ஒரு கம்பியில் 4.6 மீட்டர் இரண்டு கிடைக்கும், 2.8 மீட்டர் மிஞ்சும். 54 துண்டுக்கு 27 கம்பி தீர்ந்தது. ஆக 45 கம்பி, 480 கிலோ. ஆர்டர் போட்ட 420 கிலோ எப்போதோ தீர்ந்து, நடுவில் இன்னொரு லோடு வந்திருக்கும். தேவைக்கு மேல் 90 மீட்டர், அதாவது 80 கிலோ, மூலையில் கிடக்கும். சேதாரம் தேவையில் 20 சதவீதம்.

அந்த 2.8 மீட்டர்த் துண்டை இன்னொரு முறை பாருங்கள். அது சரியாக இரண்டு ஃபுட்டிங் கம்பி. தூண் கம்பியை முதலில் வெட்டியிருந்தால் 27 கம்பியிலிருந்து 54 தூண் கம்பியோடு 54 ஃபுட்டிங் கம்பியும் கிடைத்திருக்கும். மீதி 90 ஃபுட்டிங் கம்பிக்குப் புதிதாக 12 கம்பி போதும். ஆக 39 கம்பி, 416 கிலோ. வித்தியாசம் ஆறு முழுக் கம்பி, 64 கிலோ. வடிவமைப்பில் எதையும் குறைக்கவில்லை, ஒரு அங்குலம்கூட இரும்பு குறையவில்லை. வெட்டிய வரிசை மட்டுமே மாறியது. பள்ளத்தில் இறங்கும் வரிசை வேறு, வெட்டும் வரிசை வேறு. இறங்குவது மேட் முதலில். வெட்ட வேண்டியது நீளமான கம்பி முதலில்.

மிஞ்சியது என்ன? பன்னிரண்டாவது கம்பியில் இரண்டு துண்டுதான் தேவைப்பட்டது, அதில் 9.2 மீட்டர் முழுசாக இருக்கிறது, பிளிந்த் பீமுக்குப் போய்விடும். மற்ற பதினோரு கம்பியில் தலா 80 செ.மீ. இதுதான் உண்மையான சேதாரம்: 8.8 மீட்டர், எட்டு கிலோவுக்குள், தேவையில் 2 சதவீதம். இந்த 80 செ.மீ துண்டுகளை இணைத்து ஃபுட்டிங் கம்பி ஆக்கிவிடலாமே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இணைப்புக்கே 60 செ.மீ போய்விடும், இரண்டு துண்டு சேர்ந்து ஒரு மீட்டர்தான் வரும். தளம் போடும்போது மேல் கம்பியைத் தாங்கும் சேர்களாக வளைத்துக்கொள்வதே அவற்றுக்குச் சரியான வேலை.

வெட்டும் இடத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. 12 மீட்டர் கம்பி பெரும்பாலும் இரண்டாக மடித்துத்தான் லாரியில் வரும். மடிப்பு நடுவில், 6 மீட்டரில் இருக்கும். 4.6-உம் 1.4-உம் சேர்ந்தால் சரியாக 6. எனவே இரு முனைகளிலிருந்தும் தூண் கம்பியை அளந்து, நடுப்பகுதியை ஃபுட்டிங்குக்கு விட்டால் மடிப்பின் வளைவு எப்படியும் கொக்கியாக வளைக்கப்போகும் பகுதிக்குப் போய்விடும். வளைத்து நிமிர்த்திய இடம் தூண் கம்பியில் இருக்காது. இரண்டாவது, இந்தக் கணக்கில் ஒரு செ.மீட்டர்கூட மிச்சம் இல்லை. லோடு வந்ததும் நாலைந்து கம்பியை டேப் வைத்து அளந்துவிடுங்கள். இரண்டு மூன்று செ.மீ குறைந்தால் ஃபுட்டிங் கொக்கிகளில் பிரித்துக்கொள்ளலாம். தூண் கம்பியில் குறைக்கவே கூடாது, அது லேப்பிலிருந்து திருடுவதாகும். பத்து செ.மீ குறைந்தால் பட்டியலையே திருத்தி எழுத வேண்டும்.

ரிங்குகளில் சேதாரம் வேறு வழியில் வருகிறது. இந்தத் தூணுக்கு 4 செ.மீ கவரிங் போக ரிங்கின் அளவு 15-க்கு 22 செ.மீ. சுற்றளவு 74 செ.மீ. 8 மி.மீ கம்பி என்பதால் இரண்டு கொக்கிக்கும் 16 செ.மீ சேர்த்தால் 90. வளைவுகளைக் கழிக்காமல் இப்படியே எழுதினால் ஒரு கம்பியில் 13 ரிங்தான் வரும். மூன்று நேர்மூலை வளைவுக்கும் கொக்கியின் இரண்டு வளைவுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 செ.மீ கழியும். 80 செ.மீ என்றால் 15 ரிங். தூணுக்கு 30 வீதம் 270 ரிங்குக்கு 21 கம்பி வாங்க வேண்டிய இடத்தில் 18 போதும். ஆனால் கையால் வளைப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அதனால் எல்லாவற்றையும் வெட்டிக் குவிக்கும் முன் ஒரே ஒரு ரிங்கை வெட்டி, வளைத்து, அளந்து பார்த்துவிட வேண்டும். கொக்கி குட்டையாக வந்தால் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரிங்கின் பிடி கொக்கியில்தான் இருக்கிறது.

கடைசியாக, எடை மேடை. பட்டியலில் உள்ள 416 கிலோ தாளில் போட்ட எடை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1786-இன்படி 12 மி.மீ கம்பியின் எடை மீட்டருக்கு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். நாம் கிலோ கணக்கில் 416 கேட்டு, வந்த கம்பி 3 சதவீதம் கனமாக இருந்தால் ஒரு கம்பி 11 கிலோ வரும். எடை சரியாக இருக்கும், கம்பி 37-தான் இருக்கும். இரண்டு குறையும். அதே போல் எண்ணிக்கை கணக்கில் வாங்கி கம்பி மெலிதாக இருந்தால் இரும்பு குறையும். எனவே ஆர்டரில் ‘12 மி.மீ, 12 மீட்டர், 39 எண்ணிக்கை’ என்று எழுதி, இறக்கும்போது எண்ணவும் வேண்டும், எடையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு மீட்டர் துண்டை நல்ல தராசில் வையுங்கள். 889 கிராமுக்கு மிகவும் கீழே போனால் கடைக்காரரிடம் பேச வேண்டிய நேரம் அது.

தாளின் அடியில் மூன்று வரி இருந்தால் போதும். தேவை 450 மீட்டர். வாங்குவது 39 கம்பி. மிஞ்ச வேண்டியது 9.2 மீட்டரில் ஒன்று, 80 செ.மீட்டரில் பதினொன்று. மூன்றாவது வரியை யாரும் எழுதுவதில்லை. எழுதி வைத்திருந்தால், அஸ்திவாரம் முடிந்த மறுநாள் அந்த மூலைக்குப் போய் எண்ணிப் பார்க்கலாம். பதினொன்றுக்குப் பதில் இருபது கிடந்தாலும், ஒன்பது அடித் துண்டு ஒன்று கண்ணில் பட்டாலும், எந்தக் கம்பியை எந்த வரிசையில் வெட்டினார்கள் என்று அன்றே கேட்டுவிடலாம். அடுத்து வெட்டப்போவது பிளிந்த் பீம் கம்பி.