கேம் கன்சோலும் டிவியும்: கறுப்பு எங்கே தொடங்குகிறது?

பிளேஸ்டேஷன் 5 போன்ற கன்சோலை டிவியில் மாட்டியதும் பலர் செட்டிங்ஸுக்குள் போய் `RGB Range` என்ற இடத்தில் `Full` என்று மாற்றிவிடுகிறார்கள். அதுதான் உயர்ந்த தரம் என்று நம்பித்தான் அதைச் செய்கிறார்கள். பிறகு குகைக்குள் நடக்கிற ஒரு காட்சி வரும்போது சுவரின் கல்வரிகளும் மூலையில் பதுங்கியிருக்கும் எதிரியும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிகின்றன. வேறு சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நள்ளிரவுக் காட்சிகூடச் சாம்பல் பூசியது போல வெளிறிக் கிடக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கன்சோல் ஓர் அளவில் அனுப்புகிறது, டிவி இன்னோர் அளவில் படிக்கிறது.

RGB முறையில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே போகிறது. சாதாரண 8 பிட் படத்தில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஃபுல் ரேஞ்ச் முறையில் 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. கம்ப்யூட்டர் உலகம் எப்போதும் இப்படித்தான் கணக்கிட்டு வந்திருக்கிறது. லிமிடெட் ரேஞ்ச் முறையில் 16 முழுக் கறுப்பு, 235 முழு வெள்ளை.

இந்த இரண்டாவது கணக்கு தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து வந்தது. டிஜிட்டல் வீடியோவுக்கு 1982-இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரம் அதை உறுதி செய்தது. அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்றும்போது அது சில நேரம் கறுப்புக்குக் கீழேயும் வெள்ளைக்கு மேலேயும் ஒரு கணம் தாவும். அந்தத் தாவலை வெட்டிவிடாமல் இருக்க இரு ஓரத்திலும் இடம் விட்டார்கள். டிவி, டிவிடி, ப்ளூ-ரே எல்லாம் இன்றும் அதே பாதையில் போகின்றன. கேமைக் கம்ப்யூட்டர் போல வரைந்து டிவிக்கு அனுப்பும் கன்சோல் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்கிறது.

முதலில் சொன்ன குகைக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். சுவரில் ஒரு கல்லின் எண் 6, பக்கத்துக் கல்லின் எண் 14, கொஞ்சம் வெளிச்சம் படும் கல்லின் எண் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்சோல் ஃபுல்லில் அனுப்புகிறது. டிவியோ லிமிடெட் என்று நினைத்துப் படிக்கிறது. 16-ம் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் டிவிக்குக் கறுப்புதான். அதனால் 6, 14 என்ற வித்தியாசம் மறைந்து இரண்டு கற்களும் ஒன்றாகிவிடுகின்றன. 30 என்ற கல்லும் 16 அளவுக்கு இருண்டுவிடுகிறது. மேல் ஓரத்திலும் இதே கதைதான். 235-க்கு மேலே உள்ள எல்லாம் ஒரே வெள்ளையாகி, வெயில் படும் மேகத்தின் மடிப்புகள் காணாமல் போகின்றன.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். கன்சோல் லிமிடெட்டில் அனுப்புகிறது, திரை ஃபுல் என்று படிக்கிறது. கறுப்பு என்று அனுப்பிய 16, திரையில் கறுப்பாக இல்லாமல் கருஞ்சாம்பலாக எழும்பி நிற்கும். வெள்ளையும் 235-இலேயே நின்றுவிடுவதால் திரையின் முழு ஒளியில் சுமார் 84 சதவீதம்தான் கிடைக்கும். கணக்குப் போட்டால், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம் ஏறத்தாழ 370-க்கு 1 என்று சுருங்குகிறது. முழு இருட்டைக் காட்ட வல்ல ஓலெட் டிவியாக இருந்தாலும் இதே கதிதான். கம்ப்யூட்டர் மானிட்டரில் கன்சோலை மாட்டுகிறவர்கள்தான் இதை அதிகம் சந்திக்கிறார்கள். கன்சோல் எதிரே இருப்பதை டிவி என்று எண்ணி லிமிடெட்டில் அனுப்ப, மானிட்டர் எப்போதும்போல ஃபுல்லில் படிக்கிறது.

அப்படியானால் எது நல்லது? இரண்டு பக்கமும் ஒத்துப்போவதுதான் நல்லது. லிமிடெட்டில் ஒரு நிறத்துக்கு 220 படிகள், ஃபுல்லில் 256. வானம் போன்ற மென்மையான நிறமாற்றத்தில் உற்றுப் பார்த்தால் ஒருவேளை இந்த வித்தியாசம் தெரியலாம். மற்றபடி, சரியாகப் பொருந்திய லிமிடெட்டும் சரியாகப் பொருந்திய ஃபுல்லும் கண்ணுக்கு ஒன்றே. எதுவானாலும் பொருந்தாமல் போனால்தான் படம் கெடும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஹெச்டிஆரை அணைத்துவிட்டு, இருண்ட காட்சி ஒன்றைக் கன்சோலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் படம் கேபிளுக்குள் நுழையும் முன்பே பதிவாகிவிடுகிறது. ஃபோனில் கல்வரிகள் தெரிந்து டிவியில் தெரியாவிட்டால், கேமில் குறையில்லை. இடையில் உள்ள ரேஞ்சையோ டிவியின் செட்டிங்கையோதான் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, கன்சோலில் லிமிடெட், ஃபுல் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். படம் கிட்டத்தட்ட மாறவே இல்லை என்றால், கன்சோல் அனுப்பும் குறிப்பைப் படித்து டிவி தானே சரிசெய்துகொள்கிறது என்று பொருள். அங்கே நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். படம் சட்டென்று இருண்டோ வெளிறியோ போனால், டிவி ஒரே அளவில் பிடிவாதமாக நிற்கிறது.

அப்போது இரு முனையையும் கையால் பொருத்த வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் `Screen and Video` என்பதற்குள் `Video Output`, அதற்குள் `RGB Range`. நின்டெண்டோ ஸ்விட்சிலும் டிவிக்கான செட்டிங்கில் `RGB Range` என்றே இருக்கும். எக்ஸ்பாக்ஸில் `Color space` என்ற பெயரில் இருக்கிறது. அங்கே `Standard` என்பது லிமிடெட், `PC RGB` என்பது ஃபுல். டிவி பக்கத்தில் பெயர்கள்தான் குழப்பும். சாம்சங்கில் `HDMI Black Level` என்பதில் `Low` லிமிடெட், `Normal` ஃபுல். எல்ஜியில் `Black Level` என்பதில் `Low` லிமிடெட், `High` ஃபுல். டிவி என்றால் இரு பக்கமும் லிமிடெட் வைப்பது வம்பில்லாதது. செட்டாப் பாக்ஸும் படங்களும் அந்த அளவிலேயே வருவதால் மற்றவை கெடாது. மானிட்டர் என்றால் இரு பக்கமும் ஃபுல்.

பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்து இதைச் சமாளிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. நிழல் புதைந்துவிட்டது என்று பிரைட்னஸைக் கூட்டினால் பெரும்பாலும் புதைந்த விவரம் முழுதாகத் திரும்பாது. அதோடு மேல் ஓரத்து வெள்ளை இன்னும் அதிகமாக வெட்டுப்படும். அதனால் வரிசை முக்கியம். முதலில் ரேஞ்ச், பிறகு டிவியின் பிரைட்னஸ், கடைசியாக, சின்னம் மங்கலாகத் தெரியும்வரை நகர்த்தச் சொல்லும் கேமுக்குள்ளிருக்கும் அளவுகோல். ரேஞ்சை மாற்றியதும் முன்பு தட்டுத்தடுமாறி மாற்றிவைத்த பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ரேஞ்ச் பொருந்திய பிறகும் நிழல் புதைந்தே தெரிந்தால், நிழலை வேண்டுமென்றே இருட்டாக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட் போன்ற வசதிகளை டிவியில் அணைத்துப் பாருங்கள். ரேஞ்ச் செட்டிங் பல டிவிகளில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது. கன்சோலை வேறு துளைக்கோ, நண்பர் வீட்டுத் திரைக்கோ மாற்றினால், விளையாடத் தொடங்கும் முன் ஒரு முறை இரு பக்கத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.